19 லட்சத்துக்கு வாங்கிய மெஷின், 12.5 லட்சத்துக்கு விற்பனை... நஷ்டம் எவ்வளவு? சொத்துப் பதிவேடு சொல்லும் கணக்கு!

பழைய மெஷினை விற்றுவிட்டுப் புதுசு வாங்கலாம் என்று முடிவு செய்கிறார் ஒரு பட்டறை முதலாளி. 19 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய மெஷின், நான்கு வருஷம் ஓடிய பிறகு 12.5 லட்சத்துக்குப் போகிறது. "ஆறரை லட்சம் நஷ்டம்" என்கிறார் முதலாளி. "இல்லீங்க, 3.68 லட்சம்தான் நஷ்டம்" என்கிறார் கணக்காளர். "வரிக்கணக்குப்படி உங்களுக்கு லாபம் வந்திருக்கு" என்கிறார் ஆடிட்டர்.

மூன்று பேரும் பேசுவது ஒரே மெஷினைப் பற்றித்தான். அப்போ யார் சொல்வது சரி? இதற்கான பதில், பெரும்பாலான சிறு நிறுவனங்களில் வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கப்படும் ஒரு பதிவேட்டில் இருக்கிறது. அதன் பெயர் நிலையான சொத்துப் பதிவேடு. ஒரு உதாரணக் கணக்கோடு விளக்கமாகப் பார்க்கலாம்.

அது என்ன சொத்துப் பதிவேடு?

மூலப்பொருள் வாங்கினால் அது சில வாரங்களில் தீர்ந்துவிடும். அதன் செலவை அந்த வருஷமே எழுதிவிடலாம். ஆனால் மெஷின், ஜெனரேட்டர், கட்டடம், வண்டி எல்லாம் பல வருஷம் உழைப்பவை. இப்படிப்பட்ட ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனி வரி ஒதுக்கி, அது உள்ளே வந்த நாளில் இருந்து வெளியே போகும் நாள் வரைக்கும் நடந்ததை எழுதி வைப்பதுதான் சொத்துப் பதிவேடு. ஒரு மெஷினின் ஜாதகம் என்றே சொல்லலாம்.

நம்முடைய உதாரணத்துக்கு கோவையில் ஜாப் ஒர்க் செய்யும் ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். பம்ப், வால்வு கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுப்பது வேலை. 2021 ஆகஸ்ட்டில் ஒரு புதிய சிஎன்சி லேத் வாங்குகிறார்கள். இன்வாய்ஸில் விலை 19 லட்சம் ரூபாய். 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியாக 3.42 லட்சம்.

19 லட்சம் எப்படி 21 லட்சம் ஆனது?

முதல் கேள்வியே இங்கேதான் வருகிறது. பதிவேட்டில் எழுத வேண்டிய விலை இன்வாய்ஸ் விலை மட்டும் அல்ல. மெஷினை அதன் இடத்துக்குக் கொண்டுவந்து, ஓடத் தயாரான நிலைக்கு ஆக்கும் வரை அவசியமாக ஆன செலவு எல்லாம் சேர்ந்ததுதான் மெஷினின் அடக்கவிலை. இப்படிச் சேர்ப்பதைத்தான் கணக்காளர்கள் 'கேபிடலைஸ் பண்றது' என்கிறார்கள்.

நம்ம லேத்துக்கு ஆனது இவ்வளவு:

- மெஷின் விலை: ரூ.19,00,000
- லாரி வாடகை, வழிப் பயண இன்சூரன்ஸ்: ரூ.40,000
- இறக்கி வைக்க கிரேன்: ரூ.15,000
- ஃபவுண்டேஷன்: ரூ.65,000
- மின் இணைப்பு வேலை: ரூ.35,000
- பொருத்துதல், சோதனை ஓட்டம்: ரூ.45,000

மொத்தம் ரூ.21,00,000. பதிவேட்டில் ஏறுவது இந்தத் தொகைதான்.

'ஜிஎஸ்டி எங்கே போச்சு?' என்று கேட்கலாம். அந்த 3.42 லட்சத்தை நிறுவனம் இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொண்டது. அரசிடம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் பணம் செலவே கிடையாது, அதனால் அடக்கவிலையில் சேராது. சேர்த்து எழுதி அதற்கும் வருமான வரியில் தேய்மானம் கேட்டால், ஜிஎஸ்டி சட்டப்படி இன்புட் கிரெடிட் கிடைக்காது. ஒரே பணத்துக்கு இரண்டு சலுகை இல்லை.

எதையெல்லாம் சேர்க்கக் கூடாது?

மெஷின் வந்த சமயத்தில் ஆன செலவு என்பதற்காக எல்லாவற்றையும் உள்ளே தள்ள முடியாது. ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுத்த செலவு சேராது. பயிற்சி ஆளோடு போய்விடும், மெஷினோடு இருக்காது. பூஜை போட்டு இனிப்பு கொடுத்த செலவும் சேராது. ஓடத் தொடங்கிய பிறகு கட்டும் வருடாந்திர இன்சூரன்ஸும் அந்தந்த வருஷத்துச் செலவுதான்.

வங்கிக் கடன் வட்டியில்தான் நிறைய பேருக்குக் குழப்பம். கட்டி முடிக்கவே பொதுவாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் பெரிய ஆலை என்றால், தயாராகும் வரையிலான வட்டியைச் சேர்க்க இடம் உண்டு. கடையில் வாங்கி சில வாரங்களில் பொருத்திவிடும் லேத்துக்கு அது பொருந்தாது. வட்டி நேராகச் செலவுக் கணக்குக்குப் போக வேண்டும்.

பின்னாடி வரும் ரிப்பேருக்கும் இதே மாதிரி ஒரு கோடு உண்டு. ஸ்பிண்டில் பேரிங் தேய்ந்து மாற்றினால், மெஷின் பழைய நிலைக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். அது செலவு. அதே மெஷினில் இல்லாத ஒரு பார் ஃபீடரைப் புதிதாகப் பொருத்தினால், கம்பியைத் தானாக உள்ளே தள்ளும் புது வசதி கிடைக்கிறது. அது சொத்து. பதிவேட்டில் அந்த லேத்துக்குக் கீழேயே தனி வரியாக ஏறும்.

தேய்மானம் எந்த நாளில் ஆரம்பம்?

இன்வாய்ஸ் தேதி ஆகஸ்ட் என்றாலும், ஃபவுண்டேஷன் காய்ந்து, கரண்ட் இணைத்து, சோதனை ஓட்டம் முடிந்து மெஷின் தயாரான நாள் 2021 அக்டோபர் 1. கம்பெனிக் கணக்கில் தேய்மானம் தொடங்குவது இந்த நாளில்தான். அதனால் பதிவேட்டில் வாங்கிய தேதி, தயாரான தேதி என இரண்டு கட்டங்கள் இருக்க வேண்டும்.

அடுத்து, எத்தனை வருஷம்? 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை, பொதுவான மெஷினரிக்கு 15 வருஷ ஆயுள் தருகிறது. ஆயுள் முடிவில் மிஞ்சும் மதிப்பை அடக்கவிலையில் 5 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொது விதி. இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் தொழில்நுட்பக் காரணம் காட்ட வேண்டும்.

நம்ம கணக்கில் 21 லட்சத்தில் 5 சதவீதம் 1.05 லட்சம். மீதி 19.95 லட்சத்தை 15-ஆல் வகுத்தால் வருஷத்துக்கு ரூ.1,33,000. ஒவ்வொரு வருஷமும் ஒரே தொகை கழிவதால் இதை நேர்கோட்டு முறை என்பார்கள்.

முதல் வருஷம் ஆறு மாதம்தான் ஓடியது, அதனால் ரூ.66,500. அடுத்த மூன்று வருஷமும் தலா ரூ.1,33,000. 2025 செப்டம்பர் 30-ல் மெஷின் விற்கப்பட்டதால் கடைசி ஆறு மாதத்துக்கு ரூ.66,500. நான்கு வருஷத்தில் மொத்தத் தேய்மானம் ரூ.5,32,000.

விற்ற வருஷத்தில் அந்த ஆறு மாதத் தேய்மானத்தை எழுதாமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 'விற்கத்தானே போறோம்' என்று மார்ச் மாத மதிப்பையே எடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் தேய்மானமாக வர வேண்டிய தொகை, விற்பனை நஷ்டமாக வேஷம் மாறி நிற்கும்.

விற்ற நாளில் நடப்பது என்ன?

21 லட்சத்தில் 5.32 லட்சத்தைக் கழித்தால் வருவது ரூ.15,68,000. இதற்குப் பெயர் புத்தக மதிப்பு. மெஷினின் மார்க்கெட் விலையோடு இதற்குச் சம்பந்தம் இல்லை. இன்னும் செலவாக எழுதப்படாமல் மிச்சம் இருக்கும் தொகை, அவ்வளவுதான்.

விற்ற விலை, ஜிஎஸ்டி நீங்கலாக 12.5 லட்சம். வாங்கியவரிடம் வசூலித்த ஜிஎஸ்டி அரசுக்குப் போக வேண்டிய பணம் என்பதால் இந்தக் கணக்கில் வராது. மெஷினைக் கழற்றி லாரியில் ஏற்றிக் கொடுக்க 30,000, புரோக்கர் கமிஷன் 20,000. கைக்கு நின்றது ரூ.12,00,000.

புத்தக மதிப்பு 15.68 லட்சம், வந்தது 12 லட்சம். வித்தியாசம் 3.68 லட்சம் நஷ்டம். கணக்காளர் சொன்னது இதைத்தான்.

கணக்குப் புத்தகத்தில் இதற்கு மூன்று வேலை. மெஷினரி கணக்கில் இருந்து முழு 21 லட்சத்தையும் எடுக்க வேண்டும். சேர்ந்த தேய்மானம் 5.32 லட்சத்தையும் அதன் கணக்கில் இருந்து எடுக்க வேண்டும். வந்த பணம் போக மீதி 3.68 லட்சத்தை லாப நஷ்டக் கணக்கில் எழுத வேண்டும். பதிவேட்டில் அந்த வரியை அழிக்கக் கூடாது. விற்ற தேதி, யாருக்கு, இன்வாய்ஸ் எண், வந்த தொகை எல்லாம் எழுதி மூட வேண்டும்.

அதே மெஷின், அதே விலை... ஆனால் லாபம்!

இப்போதுதான் சுவாரஸ்யமான இடத்துக்கு வருகிறோம். இதே கம்பெனி நேர்கோட்டு முறைக்குப் பதில், குறையும் மதிப்பு முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால்? இதில் ஆரம்ப வருஷங்களில் தேய்மானம் அதிகம், போகப் போகக் குறையும். 15 வருஷ ஆயுளுக்கு, 5 சதவீத மிச்ச மதிப்புக்கு, விகிதம் வருஷத்துக்கு 18.10 சதவீதம்.

அந்தக் கணக்குப்படி 2025 செப்டம்பர் 30-ல் புத்தக மதிப்பு ரூ.9,54,281-க்கு இறங்கியிருக்கும். கைக்கு வந்தது அதே 12 லட்சம். அதாவது ரூ.2,45,719 லாபம்!

மெஷின் மாறவில்லை. விலை மாறவில்லை. வாங்கியவர் மாறவில்லை. 3.68 லட்சம் நஷ்டம், 2.46 லட்சம் லாபமாக மாறிவிட்டது. இது எப்படி?

இரண்டையும் கூட்டிப் பாருங்கள். நேர்கோட்டு முறையில் தேய்மானம் 5.32 லட்சம், நஷ்டம் 3.68 லட்சம், மொத்தம் 9 லட்சம். இன்னொரு முறையில் தேய்மானம் ரூ.11,45,719, அதில் லாபம் ரூ.2,45,719 கழித்தால் அதுவும் சரியாக 9 லட்சம்.

மெஷினுக்குப் போட்டது 21 லட்சம், திரும்ப வந்தது 12 லட்சம். நான்கு வருஷத்தில் அந்த மெஷின் சாப்பிட்டது 9 லட்சம். இதை எந்த முறையாலும் மாற்ற முடியாது. அந்த 9 லட்சத்தில் எவ்வளவு முன்னாடியே எழுதினோம், எவ்வளவு கடைசி நாளில் எழுதுகிறோம் என்பதுதான் வித்தியாசம். விற்பனை நஷ்டம் என்பது விற்ற அன்று திடீரென்று வந்தது அல்ல. நான்கு வருஷமாகக் குறைத்து எழுதிய தேய்மானத்தின் பாக்கி அது.

கிரேன், ஃபவுண்டேஷன் செலவை எல்லாம் முதல் வருஷமே செலவாக எழுதியிருந்தாலும் இதே கதைதான். அப்போது விற்பனை நஷ்டம் ரூ.2,18,667 என்று குறைவாகத் தெரியும். ஆனால் முன்பே எழுதிய 2 லட்சத்தையும், ரூ.4,81,333 தேய்மானத்தையும் சேர்த்தால் மறுபடி அதே 9 லட்சத்தில் வந்து நிற்கும். முதலாளி சொன்ன ஆறரை லட்சத்தில் இந்த 2 லட்சமும், விற்கும் செலவு 50 ஆயிரமும் காணாமல் போயிருந்தன.

அதற்காக, விற்கிற வருஷம் பார்த்து வசதிக்காக முறையை மாற்றிக்கொள்ள முடியாது. மெஷினின் பயன் எப்படித் தேய்கிறதோ அதற்குப் பொருத்தமான முறையைத்தான் பின்பற்ற வேண்டும் என்கிறது கணக்கியல் தர விதி ஏஎஸ் 10.

இது வெறும் பேப்பர் கணக்கா?

இல்லை, இங்கேதான் நிஜப் பணம் போகிறது. ஜாப் ஒர்க்குக்கு ரேட் சொல்லும்போது மெஷின் ஒரு மணி நேரம் ஓட எவ்வளவு ஆகிறது என்று பார்ப்பார்கள். அதில் கரண்ட், ஆள் சம்பளம், டூல் செலவோடு தேய்மானமும் ஒரு பங்கு.

வருஷத்துக்கு 300 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்தால் 2,400 மணி நேரம். புத்தகத்தில் இருந்த 1.33 லட்சம் தேய்மானப்படி மணிக்கு சுமார் 55 ரூபாய். ஆனால் நிஜத்தில் நான்கு வருஷத்துக்கு 9 லட்சம், வருஷத்துக்கு 2.25 லட்சம். மணிக்கு சுமார் 94 ரூபாய். நான்கு வருஷமாக ஒவ்வொரு மணிக்கும் கிட்டத்தட்ட 39 ரூபாய் குறைவாக ரேட் சொல்லியிருக்கிறார்கள். அப்போது லாபம் என்று தெரிந்ததில் ஒரு பகுதி, மெஷினின் உடம்பில் இருந்து எடுத்த பணம்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. ஏஎஸ் 10 விதிப்படி ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலும் ஆயுளையும் மிச்ச மதிப்பையும் மறுபடி பார்க்க வேண்டும். 'நாலு வருஷத்துல மாத்திடுவோம்' என்பது இரண்டாம் வருஷமே தெரிந்தால், மீதித் தேய்மானத்தை மிச்சம் இருக்கும் காலத்துக்குள் பிரித்து எழுதலாம். இரண்டு ஷிப்ட் ஓட்டினாலும் கவனிக்க வேண்டும். இரண்டாவது அட்டவணைப்படி இரண்டு ஷிப்ட் ஓடிய காலத்துக்குத் தேய்மானம் 50 சதவீதம் கூடும், மூன்று ஷிப்ட் என்றால் இரட்டிப்பாகும். இதற்குப் பதிவேட்டில் ஷிப்ட் விவரம் இருந்தால்தான் முடியும்.

ஆடிட்டர் ஏன் 'லாபம்' என்றார்?

வருமான வரிக்கு இந்தப் பதிவேட்டுக் கணக்கு செல்லாது. அங்கே மெஷின்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஒரே தேய்மான விகிதம் உள்ள சொத்துகளை ஒரு தொகுதியாகச் சேர்த்துவிடுவார்கள். பொதுவான மெஷினரி தொகுதிக்கு விகிதம் 15 சதவீதம், குறையும் மதிப்பு முறையில்.

தொகுதியில் வேறு மெஷின்களும் இருந்து, மதிப்பும் மிச்சம் இருந்தால் விஷயம் எளிது. விற்ற விலை தொகுதியின் மதிப்பில் இருந்து கழியும், மீதிக்குத் தேய்மானம் தொடரும். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. புத்தகத்தில் எழுதிய 3.68 லட்சம் நஷ்டத்தை வரிக்கணக்கில் செலவாகக் கேட்க முடியாது, திரும்பக் கூட்டிவிட வேண்டும்.

ஆனால் அந்தத் தொகுதியில் இந்த லேத் ஒன்றுதான் இருந்தது, அந்த வருஷம் வேறு மெஷின் வாங்கவில்லை, கூடுதல் தேய்மானச் சலுகையும் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 21 லட்சம் வருஷம் 15 சதவீதம் குறைந்து, 2025 ஏப்ரலில் ரூ.10,96,213 ஆக நிற்கும். விற்ற விலையில் செலவு போக வந்தது 12 லட்சம். கூடுதலாக வந்த ரூ.1,03,787 குறுகிய கால மூலதன ஆதாயம், அதற்கு வரி உண்டு. புத்தகத்தில் நஷ்டம், வரியில் லாபம் என்பது இப்படித்தான். புது மெஷினை அதே நிதியாண்டுக்குள் வாங்கியிருந்தால் அதன் விலை தொகுதியில் சேர்ந்து, இந்த ஆதாயம் எழுந்திருக்காது. விற்பதும் வாங்குவதும் மார்ச் 31-க்கு எந்தப் பக்கம் என்பது அவ்வளவு முக்கியம்.

பதிவேட்டில் தேதியும் பணம் கொடுத்த விதமும் ஏன் வேண்டும் என்பதும் இங்கே புரியும். வாங்கிய வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் வரியில் பாதித் தேய்மானம்தான். அக்டோபர் 1 முதல் ஓடியதால் 182 நாள், முழுத் தேய்மானம் கிடைத்தது. அக்டோபர் 5 என்றால் பாதிதான். அதேபோல கிரேன்காரருக்கு ஒரே நாளில் 15,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்திருந்தால், 10,000 ரூபாய் வரம்பைத் தாண்டுவதால், அந்தத் தொகை வரிக்கான அடக்கவிலையில் சேராது.

பதிவேடு தப்பாக இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலான சிக்கல் ஒரே வரியில் தொடங்குகிறது. 'மெஷினரி - ரூ.84 லட்சம்' என்று மொத்தமாக எழுதி வைத்திருப்பார்கள். அதில் எந்த மெஷின் எவ்வளவு என்று தெரியாது. ஒன்றை விற்கும்போது புத்தக மதிப்பைக் கண்டுபிடிக்க முடியாமல், வந்த பணத்தை அப்படியே 'இதர வருமானம்' என்று எழுதிவிடுவார்கள். அந்த நிமிஷத்தில் இருந்து, பட்டறையில் இல்லாத மெஷினுக்கு வருஷா வருஷம் தேய்மானம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இதைப் பிடிக்க இரண்டு சோதனை போதும். ஒன்று, பதிவேட்டின் மொத்தமும் பேரேட்டில் உள்ள மெஷினரி கணக்கின் தொகையும் ரூபாய் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். இரண்டு, பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் நடக்க வேண்டும். ஒவ்வொரு மெஷினிலும் எண் ஒட்டியிருந்தால், வரிக்கு ஒரு மெஷின், மெஷினுக்கு ஒரு வரி என்று சரிபார்த்துவிடலாம். முதல் சோதனையில் மட்டும் தேறினால் போதாது. விற்ற மெஷின் இரண்டு இடத்திலும் நீங்காமல் இருந்தால் தொகை ஒத்துத்தான் போகும், மெஷின்தான் இருக்காது.

சொத்து விவரமும் அது இருக்கும் இடமும் முறையாகப் பதிவாகியிருக்கிறதா, நேரில் சரிபார்த்தார்களா என்று தணிக்கை அறிக்கையில் சொல்லச் சொல்கிறது 2020-ம் ஆண்டின் காரோ உத்தரவு. வரம்புக்குக் கீழே உள்ள சிறிய பிரைவேட் கம்பெனிகளுக்கு அதில் விலக்கு உண்டு. விலக்கு அறிக்கைக்குத்தான். பதிவேடு இல்லாமல் மெஷினை விற்றால் லாபமா நஷ்டமா என்பதே தெரியாது.

விற்கும் முன் பதிவேட்டில் பார்க்க வேண்டியவை:

- கிரேன், ஃபவுண்டேஷன் எல்லாம் சேர்ந்த முழு அடக்கவிலை இருக்கிறதா?
- விற்கும் நாள் வரை தேய்மானம் எழுதியாகிவிட்டதா?
- வரிக்கணக்கில் அந்தத் தொகுதியில் வேறு மெஷின் இருக்கிறதா, இதுதான் கடைசியா?
- வாங்கிய இன்வாய்ஸ் தேதியும், எடுத்த இன்புட் கிரெடிட் தொகையும் இருக்கிறதா? விற்பனை விலைக்கான ஜிஎஸ்டியையும், வாங்கியபோது எடுத்த கிரெடிட்டில் காலத்துக்கு ஏற்பக் கழித்த மீதியையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும்.

இந்த நான்குக்கும் பதில் தெரிந்த பிறகு 12.5 லட்சம் நல்ல விலையா என்று பேரம் பேசலாம்.